மாம்பழக் கூழ் கணக்கு: ரெனால்ட்ஸ் எண் 4 வருகிறது, கேஜ் வேறு கதை சொல்கிறது

நெல்லிக்காய்

எல்லோருக்கும் வணக்கம். உணவுப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் ஒரு மாதப் பயிற்சியில் இருக்கிறேன். வழிகாட்டி சார் கொடுத்த கணக்கு இது:

தோத்தாபுரி கூழ், மணிக்கு 3000 லிட்டர், 2 அங்குல ஸ்டீல் குழாய் (உள்விட்டம் 47.5 மி.மீ.). 95 டிகிரியில் கூழின் ஒவ்வொரு துளியும் குறைந்தது 30 நொடி இருக்க வேண்டும். ஹோல்டிங் டியூப் எத்தனை மீட்டர்? அதில் அழுத்தம் எவ்வளவு குறையும்? அடர்த்தி 1050, K = 6, n = 0.3.

நான் போட்டது: குழாயில் சராசரி வேகம் நொடிக்கு 0.47 மீட்டர். பாகுநிலை 6 என்று வைத்து ரெனால்ட்ஸ் எண் 3.9. லாமினார். நீளம் 0.47 × 30 = 14.1 மீட்டர். அழுத்த இழப்பு மீட்டருக்கு 0.4 பார்.

சார் பேப்பரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கீழே போய்க் கேஜைப் பார்த்துட்டு வா" என்றார், அவ்வளவுதான். போய்ப் பார்த்தேன். இங்கே இருக்கும் டியூப் அதே விட்டம், நீளம் சுமார் 28 மீட்டர். என் கணக்குப்படி இரண்டு முனைக்கும் இடையே 11 பார் வித்தியாசம் வர வேண்டும். கேஜ் காட்டுவது 0.6 பார். எங்கே தப்பு?

அரைத்தூக்கம்

மெக்கானிக்கல் ஆள் பேசுகிறேன். 3.9 என்றால் 2100க்கு வெகு கீழே, லாமினார்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நீளத்தில் கோட்டை விட்டிருக்கிறீர்கள். லாமினார் ஓட்டத்தில் குழாயின் நடுவில் போகிற திரவம் சராசரியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் போகும். "ஒவ்வொரு துளியும்" என்று கேட்டிருக்கிறார் இல்லையா, அப்படியானால் அந்த நடுத் துளிக்குத்தான் கணக்குப் போட வேண்டும். 14.1ஐ இரட்டிப்பாக்குங்கள், 28.2 மீட்டர். உங்கள் ஆலையில் ஏன் 28 மீட்டர் இருக்கிறது என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது பாருங்கள்.

அழுத்தம்? கேஜ் போயிருக்கும். கூழ் அடைத்த கேஜ் எதையும் காட்டாது.

பம்புக்காரர்

கேஜ் மேல பழி போடாதீங்க சார். நான் கூழ் லைனில் பன்னிரண்டு சீசன் பார்த்தவன். அதில் இருப்பது டயாபிரம் வைத்த கேஜ், அவ்வளவு சுலபமாக அடைக்காது.

தம்பி, நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், காரணம் படித்தவர்கள் சொல்லட்டும். பம்ப் வேகத்தை 25 ஹெர்ட்ஸிலிருந்து 50க்கு ஏற்றுவோம். லோப் பம்ப், அதனால் ஓட்டம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். கூழ் ஓடும்போது கேஜ் முள் லேசாக நகரும், கால் பங்குகூட ஏறாது. சீசன் முடிந்து கழுவும்போது அதே குழாயில் தண்ணீர் விட்டு வேகத்தை இரட்டிப்பாக்கினால் முள் மூன்று மடங்குக்கு மேல் தாவும். முதல் வருஷம் இதைப் பார்த்து நானும் கேஜ் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

வாளியில் எடுத்து வைத்தால் கூழில் கரண்டியை நட்டு வைக்கலாம், நிற்கும். குழாயில் தள்ளினால் வழுக்கிக்கொண்டு ஓடும். இரண்டும் ஒரே கூழ்தான்.

சிவகாமி

பம்புக்காரர் அண்ணன் சொன்னதுதான் விடை. அவர் முள் நகர்வதைப் பார்த்தே n-ஐ அளந்துவிட்டார், அது n என்று அவருக்குச் சொல்லித்தான் யாரும் இல்லை.

நெல்லிக்காய், உங்கள் தப்பு ஒரே இடத்தில்தான். K-ஐப் பாகுநிலை என்று எடுத்துக்கொண்டீர்கள். பால், எண்ணெய் போன்றவற்றுக்குப் பாகுநிலை ஒரே எண், எவ்வளவு வேகமாகத் தேய்த்தாலும் மாறாது. கூழ் அப்படி இல்லை. தேய்க்கத் தேய்க்க இளகும், எந்த அளவுக்கு இளகும் என்பதைச் சொல்வதுதான் n. உங்கள் K = 6 என்பது தேய்ப்பு வீதம் நொடிக்கு 1 ஆக இருக்கும்போது மட்டும் தெரியும் பாகுநிலை. அது வாளியில் கரண்டியை மெல்லத் திருப்புவது மாதிரி. உங்கள் குழாயின் சுவரோரத்தில் தேய்ப்பு வீதம் நொடிக்குச் சுமார் 125. அங்கே அதே கூழின் பாகுநிலை 0.2தான். முப்பதில் ஒரு பங்கு. 6 என்று வைத்துக் கணக்குப் போட்டால் வாளிக் கூழைக் குழாய்க்குள் தள்ளுகிறீர்கள், 11 பார் வரத்தான் செய்யும்.

அலகைப் பார்த்திருந்தாலே பிடிபட்டிருக்கும். K-இன் அலகு Pa·s இல்லை, Pa·sⁿ. 3.9 என்ற எண்ணுக்கு அலகு நீங்காது. அலகு நீங்காத ரெனால்ட்ஸ் எண், ரெனால்ட்ஸ் எண்ணே இல்லை.

இந்த மாதிரித் திரவத்துக்கு மெட்ஸ்னரும் ரீடும் 1955இல் கொடுத்த வடிவத்தைப் பயன்படுத்துங்கள்:

```
Re = ρ V^(2-n) D^n / [ 8^(n-1) K ((3n+1)/(4n))^n ]
f  = 16 / Re
ΔP = 2 f ρ V² L / D
```

போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நெல்லிக்காய்

போட்டேன் அக்கா. மேலே 1050 × 0.277 × 0.401 = 116.6. கீழே 0.233 × 6 × 1.148 = 1.61. ரெனால்ட்ஸ் எண் 73 வருகிறது. அதிலிருந்து f = 0.22, அழுத்த இழப்பு மீட்டருக்கு 2150 பாஸ்கல், அதாவது 0.0215 பார். 28 மீட்டருக்கு 0.60 பார்! கேஜ் காட்டுவதும் அதே 0.6! சார் எதற்குச் சிரித்தார் என்று இப்போது புரிகிறது.

ஆனால் ஒரு சந்தேகம். 3.9 வந்தாலும் லாமினார், 73 வந்தாலும் லாமினார். அழுத்தத்தை விடுங்கள், நீளத்துக்கு இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்?

சிவகாமி

லாமினாரா டர்புலன்டா என்ற தீர்ப்பு மாறவில்லை, சரிதான். பம்ப் வாங்கும்போது மாறும். 11 பாருக்குப் பம்ப் பார்க்கப் போய், 0.6 பார் வேலைக்கு யானை விலையில் ஒன்றை வாங்கி வைப்பீர்கள்.

நீளத்தில் n உள்ளே வருகிறது. அரைத்தூக்கம் சொன்ன "இரண்டு மடங்கு" பாதி சரி. அது பாகுநிலை மாறாத திரவத்துக்கு, அதாவது n = 1 ஆக இருந்தால் மட்டும். கூழ் சுவரோரத்தில் இளகி வழுக்குகிறது, நடுவில் கெட்டியாகவே இருக்கிறது. அதனால் நடுப்பகுதி ஒரு கட்டியாக, ஏறக்குறைய ஒரே வேகத்தில் நகரும். வேகப் படம் கூராக எழும்பாமல் தட்டையாகிவிடும். நடு வேகத்துக்கும் சராசரிக்கும் உள்ள விகிதம் (3n+1)/(n+1). n = 0.3 போட்டால் 1.9/1.3 = 1.46.

அப்போது நடுத் துளியின் வேகம் 0.687. 30 நொடிக்கு 20.6 மீட்டர். நீங்கள் முதலில் போட்ட 14.1 மீட்டரில் அந்த நடுத் துளி இருபதரை நொடியில் வெளியேறிவிடும், அதுதான் ஆபத்தான விடை.

அரைத்தூக்கம்

1.46 எனக்குப் புதிது, ஒப்புக்கொள்கிறேன். எங்களுக்குத் தண்ணீரும் எண்ணெயும்தான் பழக்கம். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த 28 மீட்டர் நேர்க்குழாயாக இருக்காது, மடித்து மடித்துத்தான் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு வளைவிலும் கூழ் கலங்கும் அல்லவா? கலங்கினால் டர்புலன்ட் மாதிரிதானே? அப்படியானால் நீளத்தைக் குறைக்கலாம்.

சிவகாமி

வளைவில் குறுக்குச் சுழல் ஒன்று உண்டாவது உண்மைதான். ஆனால் ரெனால்ட்ஸ் எண் 73 உள்ள கூழில் அது மிகவும் சோம்பலான சுழல், அதைக் கலங்கல் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் கலந்தால் நமக்கு லாபம் என்று வைத்துக்கொள்ளலாம், கணக்கில் கழிக்கக் கூடாது.

பால்வண்டி

எதற்கு இவ்வளவு கணக்கு என்று புரியவில்லை. நான் பால் பதப்படுத்தும் இடத்தில் இருக்கிறேன். 72 டிகிரி, 15 நொடி, மணிக்கு 5000 லிட்டர், உங்கள் அதே 2 அங்குலக் குழாய். டியூப் 14 மீட்டரும் சொச்சமும். பால் தேங்கவோ காற்று நிற்கவோ கூடாது என்று சற்று ஏற்றமாகப் போட்டிருக்கிறோம். சோதனை ரொம்பச் சுலபம். தண்ணீரை ஓடவிட்டு, டியூப் தொடக்கத்தில் உப்புக் கரைசலை ஊசியால் ஏற்றுவோம். கடைசியில் இருக்கும் மின்முனை உப்பு வந்ததும் காட்டிவிடும். ஸ்டாப்வாட்ச் 15க்கு மேல் காட்டினால் பாஸ். தம்பி, நீங்களும் அதையே செய்து பாருங்கள், ஃபார்முலாவே வேண்டாம்.

சிவகாமி

உங்கள் இடத்தில் அது சரியான சோதனை. பால் 72 டிகிரியில் பாகுநிலை சுமார் 0.7 மில்லிபாஸ்கல்-நொடி, வேகம் 0.78. ரெனால்ட்ஸ் எண் 50,000ஐத் தாண்டும். தண்ணீரும் அதே குழாயில் அப்படித்தான் கலங்கி ஓடும். இரண்டின் ஓட்டமும் ஒரே சாயல், அதனால் தண்ணீரில் கண்ட நேரம் பாலுக்கும் ஏறக்குறையப் பொருந்தும். கலங்கி ஓடும்போது குறுக்கே கலந்துகொண்டே இருப்பதால் நடு வேகம் சராசரியைவிட ஐந்தில் ஒரு பங்குதான் அதிகம். உங்கள் 14 மீட்டரில் அந்த 1.2 ஏற்கெனவே அடங்கியிருக்கிறது, 0.78 × 1.2 × 15 போட்டுப் பாருங்கள்.

கூழ் லைனில் அதே சோதனையைச் செய்தால் ஏமாந்துபோவீர்கள். நெல்லிக்காயின் குழாயை யாரோ 17 மீட்டருக்குப் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 3000 லிட்டர் தண்ணீர் விட்டு உப்பு ஏற்றினால் கடிகாரம் 30 நொடி காட்டும், பாஸ். அடுத்த நாள் அதே வேகத்தில் கூழ் விட்டால் நடுப்பகுதி 25 நொடியில் வெளியே. சோதனைத் தாளில் கையெழுத்து இருக்கும், கூழில் 5 நொடி இருக்காது. வெப்பமானியும் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் வெப்பம் சரியாகவே இருக்கும். பிறகு பை ஊதினால்தான் தெரியும்.

பால்வண்டி

ம்ம். நான் கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. அங்கே ஓடுவது கூழ் என்பதையே மறந்துவிட்டேன்.

ஜூஸ்கடை_சேலம்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே குழப்பம். சிறிய அளவில் மாம்பழப் பானம் செய்கிறேன். கூழை வாங்கி, சர்க்கரைத் தண்ணீர் சேர்த்து, மெல்லிய சல்லடையில் வடிகட்டி, பதப்படுத்தி பாட்டிலில் அடைக்கிறேன். என் டியூபும் 2 அங்குலம், ஓட்டமும் 3000 லிட்டர்தான். விற்றவர் பானத்தின் பாகுநிலை 10 மில்லிபாஸ்கல்-நொடி என்று எடுத்துக்கொண்டு "தண்ணீர் மாதிரிதான், கலங்கி ஓடும்" என்று 1.2 போட்டு நீளம் கொடுத்தார். பானம் கூழைவிட எவ்வளவோ நீர்த்தது, எனக்குப் பயமில்லை அல்லவா?

சிவகாமி

நீங்கள்தான் எல்லோரையும்விட மோசமான இடத்தில் நிற்கிறீர்கள். போட்டுப் பாருங்கள்: 1040 × 0.47 × 0.0475 / 0.010. விடை 2300. லாமினார் முடிகிற இடம், டர்புலன்ட் தொடங்காத இடம். நெல்லிக்காயின் 73ஐப் பார்த்தவுடன் தெரிகிறது, பால்வண்டியின் 50,000ஐப் பார்த்தாலும் தெரிகிறது. 2300 இன்றைக்கு ஒரு மாதிரி ஓடும், சர்க்கரை அரைப் பங்கு கூடினாலோ இரண்டு டிகிரி இறங்கினாலோ வேறு மாதிரி ஓடும்.

அதைவிட முக்கியம், நீர்த்ததால் n ஒன்றை நெருங்கிவிட்டது. கூழுக்குக் கிடைத்த தட்டையான 1.46 உங்களுக்குக் கிடையாது. லாமினாராக ஓடினால் முழு இரண்டு மடங்கு. 1.2க்கு வெட்டிய குழாயில் நடுத் துளி கேட்ட நேரத்தில் அறுபது சதவீதம்தான் இருக்கும். நீளத்தை 2க்கு மாற்றுங்கள், அல்லது ஒன்றரை அங்குலக் குழாய் போட்டு வேகத்தைக் கூட்டினால் என்ன எண் வருகிறது என்று பாருங்கள். விட்டம் குறைந்தால் எண் ஏறும், ஆனால் இந்த ஒரு படியால் 3000க்குப் பக்கம்தான் போகும், 4000ஐத் தொடாது.

அரைத்தூக்கம்

2100 ஒன்றும் சுவர் இல்லையே. 1883இல் ரெனால்ட்ஸ் மான்செஸ்டரில் கண்ணாடிக் குழாயில் சாயக் கோடு விட்டுப் பார்த்தபோதே, தண்ணீரை அசையாமல் நிறுத்தி, நுழைவாயைப் புனல் மாதிரி வழுவழுப்பாக்கி, பத்தாயிரத்துக்கும் மேலே கோடு கலையாமல் ஓடவிட்டிருக்கிறார்.

சிவகாமி

அதைத்தான் சொல்கிறேன். 4000க்கு மேல் என்று கண்ணை மூடிக்கொண்டு 1.2 போடவும் எனக்குக் கை வராது. ஆலையில் பம்ப் அதிர்வு, வால்வு, வளைவு எல்லாம் இருப்பதால் பெரும்பாலும் சீக்கிரமே கலங்கிவிடும், ஆனால் 4000க்கும் 10,000க்கும் இடையே நான் தாராளமாகத்தான் நீளம் விடுவேன்.

ஜூஸ்கடை_சேலம்

சரி அக்கா. விற்றவரிடம் இந்த 2300ஐக் காட்டிக் கேட்கிறேன். இன்னும் பயம் போகவில்லை, கூடியிருக்கிறது.

பம்புக்காரர்

எல்லோரும் நீளத்தைக் கூட்டுங்கள் கூட்டுங்கள் என்கிறீர்கள். எங்கள் பக்கத்து வலியையும் கேளுங்கள். 28 மீட்டர் டியூபில் கூழ் சராசரியாக ஒரு நிமிடம் வேகிறது. கேட்டது முப்பது நொடி. சுவரோரம் ஒட்டிப் போவது இன்னும் எவ்வளவு நேரம் உள்ளே கிடக்கிறதோ. சீசன் கடைசியில் வரும் பழத்தில் நிறம் பழுப்படித்து வெளியே வரும், வாங்குபவர் நிறப் பலகையை வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்புவார். 20.6 மீட்டர் போதும் என்றால் எட்டு மீட்டரைக் கழற்றிவிடலாமே?

சிவகாமி

அண்ணா, அந்த 20.6 முழுக்க n = 0.3 என்ற ஒரே எண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த 0.3 எந்தக் கூழில், எந்த வெப்பத்தில், எந்தச் சல்லடைக்குப் பிறகு அளந்தது? நெல்லிக்காய், தெரியுமா?

நெல்லிக்காய்

கேட்டேன். ஆய்வகத்தில் 25 டிகிரியில் அளந்ததாம். டியூபில் ஓடுவது 95. 95இல் அளக்கும் வசதி இங்கே இல்லை.

சிவகாமி

பொதுவாக n வெப்பத்தோடு பெரிதாக மாறாது, K தான் இறங்கும். ஆனால் "பொதுவாக" என்ற சொல்லை நம்பி எட்டு மீட்டரை வெட்ட நான் சொல்ல மாட்டேன். உங்களிடம் 95 டிகிரியில் வேலை செய்யும் பாகுநிலைமானி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, 28 மீட்டர் நீளத்தில். பம்புக்காரர் அண்ணன் செய்ததையே செய்யுங்கள். நிரப்பும் இடத்துக்கு அனுப்பாமல் கூழைத் திருப்பி ஓடவிடும் நேரத்தில், 3000இல் ஒரு முறை, 1500இல் ஒரு முறை, இரண்டு கேஜின் வித்தியாசத்தையும் எழுதுங்கள். இரண்டு முறையும் டியூபில் வெப்பம் 95ஆகவே இருக்க வேண்டும், அது முக்கியம்.

```
n = ln(ΔP1/ΔP2) / ln(Q1/Q2)
```

நெல்லிக்காய்

இன்று மதியம் செய்தோம். பம்ப் ஆபரேட்டர் அண்ணன் பொறுமையாக உதவினார். 3000இல் 0.58 பார், 1500இல் 0.46 பார். n = 0.33 வருகிறது. குதித்துக்கொண்டு சாரிடம் ஓடினேன். அவர் "கேஜில் சின்னக் கோடு எத்தனை?" என்றார். 0.02 பார். ஒரு கோடு அந்தப் பக்கம், ஒரு கோடு இந்தப் பக்கம் என்று வைத்துப் போட்டால் n 0.22இலிருந்து 0.45 வரை எங்கும் இருக்கலாம். விகிதம் 1.36 முதல் 1.62 வரை. நீளம் 19 மீட்டர் முதல் 23 மீட்டர் வரை.

பம்புக்காரர்

23 என்றாலும் ஐந்து மீட்டர் மிச்சம்தானே தம்பி.

சிவகாமி

இந்த ஒரு லாட்டுக்கு. பருவத் தொடக்கத்திலும் கடைசியிலும் இதே சோதனையைச் செய்து n 0.4ஐத் தாண்டவில்லை என்று காட்டினால் நானும் குறைக்கலாம் என்பேன். அதற்குள் யாராவது கூழை நீர்க்கச் செய்து அதே லைனில் பானமும் ஓட்டினால்? ஜூஸ்கடையின் 2300ஐப் பார்த்தீர்கள் அல்லவா. அந்த 28 மீட்டரைப் போட்டவர் அதை யோசித்துத்தான் போட்டாரா, இல்லை அரைத்தூக்கம் மாதிரி இரண்டால் பெருக்கிவிட்டுப் போனாரா என்று தெரியாது.

அரைத்தூக்கம்

எப்படியிருந்தாலும் என் கட்சி ஜெயித்தது.

நெல்லிக்காய்

சாரிடம் அதையும் கேட்டேன். போன வருஷம் இதே லைனில் பத்து நாள் பானம் ஓட்டினார்களாம். குழாயைக் கழற்றும் பேச்சை அதோடு விட்டுவிட்டார். நாளைக்கு 0.005 பார் காட்டும் கேஜ் ஒன்றை இரவல் வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறார், மறுபடி அளந்துவிட்டு எழுதுகிறேன்.